"கேன் லா" என்றால் ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை

பினாங்கில், பாயான் லெப்பாஸ் ஆபீசில் வாராவாரம் டீம் கால் டிரான்ஸ்கிரிப்ட்டைப் படித்து, யார் என்ன வேலை ஏற்றார்கள் என்று எழுதுவது என் பொறுப்பு. எழுத்தில் சிரிப்பும் குரலின் இழுப்பும் காணாமல் போய்விடும், அதனால் நான் வினைமுடிவைத்தான் முதலில் பார்ப்பேன். "மாத்தலாம்", "பண்ணிப் பார்க்கலாமா" என்றால் வாய்விட்டு யோசிக்கிறார்கள். "நான் மாத்திடுறேன்" என்றால் வாக்காக இருக்கலாம், இருக்கலாம்தான், ஏனென்றால் கிண்டலும் இதே வடிவத்தில்தான் வரும்.

போன வாரம் ஒருவர், "ஆமா, இன்னிக்கு ராத்திரியே எல்லா ரிப்போர்ட்டையும் நானே முடிச்சிடுறேன், தூக்கம் எதுக்கு" என்றார். ஆள், வேலை, நேரம் மூன்றுமே இருக்கிறது, அப்படியே குறித்திருப்பேன். ஆனால் முந்தின வரி "எல்லாம் நாளைக்கே வேணுமாம்" என்ற புலம்பல், அடுத்த வரியில் இன்னொருவர் "காப்பி வாங்கித் தரவா" என்கிறார், யாரும் "சரி, அனுப்புங்க" என்று சொல்லவில்லை. அப்புறம் பத்து நிமிடம் கழித்து அதே ஆள், "ஸ்டாக் ரிப்போர்ட் மட்டும் வியாழக்கிழமை தரேன்" என்றார், மேனேஜர் "ஓகே, வியாழன்" என்று திருப்பிச் சொன்னார். குறித்தது அதை மட்டும்தான்.

மலேசிய ஆங்கிலப் பேச்சின் "கேன் லா" வந்தால் இன்னும் கவனம் வேண்டும், அது பெரும்பாலும் "முடியும்" என்பதுதான், "நான் செய்றேன்" இல்லை. சந்தேகமான வரியை ஊகித்து எழுதாமல், நிமிடக் குறிப்போடு அவரிடமே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுவேன்: "12:40ல சொன்னது நிஜமாவா அண்ணே?"