ஒரு மணிக்கு ஒரு டிகிரி: தடயவியல் மருத்துவத் தாளில் மதிப்பெண் போகும் இடங்கள்

சனிக்கிழமை மதியங்களில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு மேசையைச் சுற்றி மருத்துவ மாணவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பழைய கேள்வித்தாள்களுக்கு விடை எழுதுவார்கள். திருத்துவது என் வேலை. போன மாதம் ஒரு தம்பியின் தாளைத் திருத்தும்போது சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மாணவியாக இருந்தபோது நான் எழுதிய அதே தவறு, கிட்டத்தட்ட அதே வாக்கியத்தில் இருந்தது. அன்றைக்கு அந்தக் கேள்வியில் 15-க்கு 2 வாங்கினேன். கையெழுத்து, எழுத்துப்பிழை பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

இறந்த நேரத்தைக் கழித்தல் கணக்காகப் போடுவது

கேள்வி இதுதான். துணி வெளுக்கும் இடத்தின் கொதிகலன் அறையில் ஒருவர் இறந்து கிடக்கிறார். எடை 70 கிலோ, உடம்பில் ஒரு அரைக்கால்சட்டை மட்டும். அறை இரவும் பகலும் 31 டிகிரி செல்சியஸில் இருக்கும், காற்றோட்டம் இல்லை. மதியம் 2 மணிக்கு மலக்குடல் வெப்பநிலை 34.5 டிகிரி. தாடையிலிருந்து கால்வரை விறைப்பு முழுமையாக இருக்கிறது. முதுகில் ரத்தம் கீழ்ப்பக்கம் தேங்கியதால் வரும் ஊதா நிறம், அதாவது லிவிடிட்டி, கட்டைவிரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை. உடன் தங்கியிருந்தவர் காலை 6.30-க்குப் பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டார், அதற்குச் சாட்சி உண்டு. எப்போது இறந்தார்?

தம்பி எழுதியது: "37-இலிருந்து 34.5 போக 2.5. மணிக்கு ஒரு டிகிரி வீதம் இரண்டரை மணி நேரம். எனவே காலை 11.30-க்கு இறந்திருக்கிறார்." இப்படி எழுதினால் உடன் தங்கியவர் மேல் சந்தேகமே வராது, அவர் அப்போது வேலையில் இருந்தார். ஒரு கழித்தல் கணக்கு வழக்கையே திருப்பிவிட்டது.

உடம்பு எவ்வளவு வேகமாகக் குளிரும் என்பது சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. மணிக்கு ஒரு டிகிரி என்பது குளிர்ந்த ஊர்க்காரர்கள் தோராயமாகச் சொல்லிவைத்த வழி. இங்கே வித்தியாசமே தொடக்கத்தில் 6 டிகிரிதான், அதனால் வெப்பம் மெல்ல மெல்லத்தான் இறங்கும். இதே எண்களை, உடல் வெப்பநிலை, அறை வெப்பநிலை, எடை மூன்றையும் வைத்து இறந்த நேரத்தைக் கணிக்கும் வரைபடமான ஹென்ஸ்கே நோமோகிராமில் வைத்துப் பாருங்கள், சுமார் 11 மணி நேரம் வரும். அதன் பிழை வரம்பு, நல்ல நிலைமையிலேயே முன்னும் பின்னும் 2.8 மணி. ஆக 8 முதல் 14 மணி நேரம். கடிகாரத்தில் நள்ளிரவிலிருந்து காலை 6 மணிவரை. உடன் தங்கியவர் அப்போது இன்னும் வேலைக்குக் கிளம்பியிருக்கவில்லை.

தம்பி கேட்டார்: "அக்கா, பரீட்சையில் நோமோகிராம் கையில் இருக்காதே?" இருக்காது, சரி. அதற்குத்தான் கேள்வியிலேயே மற்ற இரண்டு அடையாளங்களைக் கொடுத்திருக்கிறார்கள். இறந்து இரண்டரை மணி நேரத்தில் விறைப்பு பொதுவாகத் தாடையிலும் கழுத்திலும்தான் தெரியத் தொடங்கியிருக்கும். வெயிலூரில் சீக்கிரம் வரும், ஆனாலும் கால்வரை முழுதாகப் பரவியிருக்கிறது என்றால் அது பல மணி நேரத்து வேலை. லிவிடிட்டி அழுத்தினால் வெளுக்காத அளவுக்கு நிலைத்துவிட்டது என்பதும் அதையே சொல்கிறது. மூன்று அடையாளங்களில் இரண்டு ஒரு பக்கம் நிற்க, வெப்பநிலை மட்டும் வேறு கதை சொன்னால் உங்கள் வெப்பநிலைக் கணக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கேள்வியில் "இரவும் பகலும் 31" என்ற சொற்கள் இல்லாமல், 2 மணிக்கு எடுத்த அறை வெப்பநிலை மட்டும் இருந்தால்? டர்பனில் கோடைகாலமான பிப்ரவரியிலும் இரவில் வெப்பம் இறங்கும். அந்த நேரத்தின் சராசரி 27 என்று வைத்துக்கொண்டால் அதே நோமோகிராம் சுமார் 7 மணி நேரம் என்கிறது. நாலு டிகிரி மாற்றத்துக்கு நாலு மணி நேரம் நகர்கிறது. அதனால்தான் விடையில் எண்ணுக்கு முன்னால் அனுமானத்தை எழுதச் சொல்கிறேன்: "அறை வெப்பநிலை மாறவில்லை, உடல் நகர்த்தப்படவில்லை, ஈரமில்லை என்று கொண்டால்..." பிறகு ஒரு வீச்சு, அதன்பின் அந்த வீச்சுக்கு விறைப்பும் லிவிடிட்டியும் பொருந்துகின்றனவா என்று ஒரு வரி. கடைசியாகப் போலீசை விசாரிக்கச் சொல்ல ஒன்று: அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது யார், எப்போது. நிமிடக் கணக்கில் நேரம் சொன்ன விடையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும், அதை எழுதியவர் பிணத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

எல்லாக் காயத்துக்கும் "லாசரேஷன்"

அவசரப் பிரிவில் தைக்கிற எல்லாவற்றையும் லாசரேஷன் என்பார்கள். அந்தப் பழக்கம் தாளிலும் வந்துவிடும். நம் பாடத்தில் அது கிழிகாயம், மழுங்கிய பொருளால் வருவது. கத்தியால் வருவது வெட்டுக்காயம். தலைத்தோலில் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். கீழே எலும்பு இருப்பதால் கட்டையால் அடித்தாலும் பிளேடு போட்டதுபோல நேராகப் பிளக்கும். காயத்தின் இரு உதடுகளையும் விலக்கி உள்ளே பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நூல்போலத் திசுப் பாலங்கள் நீண்டிருந்தால், விளிம்பில் சிராய்ப்பும் கன்றலும் இருந்தால் அது கிழிகாயம். கத்தி எல்லாவற்றையும் அறுத்துவிடும், பாலம் மிஞ்சாது. இதைக் காரணத்தோடு எழுதுங்கள், வெறும் பெயரோடு நிறுத்தாதீர்கள்.

அளவு எழுதாதது

நீளம், அகலம், இருக்கும் இடம், குதிகாலிலிருந்து உயரம். எழுதுங்கள்.

இந்தியக் குறிப்பிலிருந்து சட்டத்தைக் காப்பியடிப்பது

நம் வீடுகளில் இந்தியாவில் படித்த சொந்தக்காரரின் குறிப்பு ஒன்று கைமாறிக்கொண்டே இருக்கும். காயம் பற்றிய பகுதிக்கு அருமை. சட்டப் பகுதிக்கு ஆபத்து. அதைப் பார்த்து "174-ஆம் பிரிவின் கீழ்ப் பஞ்சாயத்தார் விசாரணை" என்று தென்னாப்பிரிக்கத் தாளில் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவு இந்தியாவிலேயே 2024 ஜூலையில் புதிய சட்டத்துக்குள் போய்விட்டது, அது வேறு கதை. இங்கே மரண விசாரணைக்கு 1959-இன் இன்குவெஸ்ட்ஸ் சட்டம்தான், 58-ஆம் எண். மரணங்களை விசாரிக்கவென்றே இருக்கும் கரோனர் என்ற அதிகாரி இங்கே கிடையாது. இயற்கைக்கு மாறான மரணம் என்று சந்தேகம் வந்தால் போலீஸ் விசாரிக்கும், மருத்துவர் உடலைப் பரிசோதிப்பார், அறிக்கைகள் அரசு வழக்கறிஞருக்குப் போகும். குற்ற வழக்கு தொடரப்படாவிட்டால் மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கலாம். இறந்தவர் யார், எதனால், எப்போது, யாருடைய செயலோ செயலின்மையோ குற்றமாகத் தெரிகிறதா என்பதை முடிவு செய்பவர் மாஜிஸ்திரேட். ஆகவே மருத்துவராக நீங்கள் எழுதும் விடையில் "கொலை" என்ற சொல் வரக்கூடாது. "மார்பில் குத்துக்காயம்" என்பதோடு உங்கள் பங்கு முடிந்தது.

மயக்கமருந்து மேசையில் இறந்தவருக்கு "இயற்கை மரணம்" எழுதுவது

நோய் எவ்வளவு முற்றியிருந்தாலும், சிகிச்சை, பரிசோதனை அல்லது வலி தணிக்கும் செயல்முறையின்போதோ அதன் விளைவாகவோ வந்த மரணத்தை 1974-இன் ஹெல்த் ப்ரொஃபஷன்ஸ் சட்டம், 56-ஆம் பிரிவு இயற்கைக்கு மாறான மரணமாகவே கருதச் சொல்கிறது. இயற்கை மரணம் என்ற சான்றிதழில் கையெழுத்துப் போடாமல் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் எதிர்பார்க்கும் விடை.

ஜே88 படிவம்

தாக்கப்பட்டு உயிரோடு இருப்பவரின் காயங்களை மருத்துவர் பதிவு செய்யும் படிவம் இது. பிணவறைக் கேள்வியில் நிரப்பாதீர்கள்.