ஈசாப் ஆப்ஷனின் மதிப்பு: புதுப் பங்குக்காக எவ்வளவு குறைப்பது?

வடபழஞ்சி ஐ.டி. பார்க்கில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் பட்டியலாகாத கம்பெனி. கையில் இருக்கும் பங்குகள் 1,00,000. கம்பெனியின் கடன் போக மீதி மதிப்பு 1 கோடி ரூபாய், அதாவது பங்குக்கு 100. ஈசாப் என்ற ஊழியர் பங்குத் திட்டத்தில் 25,000 ஆப்ஷன், அதாவது குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, தந்திருக்கிறார்கள். 60 ரூபாய் கட்டினால் ஒரு பங்கு.

அப்படியானால் லாபம் 40 ரூபாய்தானே என்று தோன்றும். இன்றே எல்லாரும் பணம் கட்டிவிட்டால் என்ன ஆகும், பாருங்கள். கம்பெனிக்கு 15 லட்சம் வரும், மொத்த மதிப்பு 1.15 கோடி. ஆனால் பங்குகள் 1,25,000 ஆகிவிடும். வகுத்தால் பங்குக்கு 92 ரூபாய்தான், லாபம் 32. 40-ஐ 0.8-ஆல் பெருக்கினால் வருவதும் இதுதான். அந்த 0.8 எங்கிருந்து வந்தது? பழைய பங்குகளை (1,00,000) மொத்தப் பங்குகளால் (1,25,000) வகுத்தால் கிடைப்பதுதான்.

ஊழியர்கள் இன்றே கட்டப்போவதில்லை, காத்திருப்பார்கள். காத்திருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அதைக் கணக்கிட பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் போதும். எக்செலில் B1-இல் பங்கு மதிப்பு 100, B2-இல் 60, B3-இல் 4 (எத்தனை ஆண்டில் பயன்படுத்துவார்கள் என்ற எதிர்பார்ப்பு), B4-இல் வட்டி 7%, B5-இல் பங்கு மதிப்பின் ஆண்டு ஏற்ற இறக்கம் 40% போடுங்கள். டிவிடெண்ட் இல்லை என்று கொள்வோம். B6, B7, B8-இல் வரிசையாக:

```
=(LN(B1/B2)+(B4+B5^2/2)*B3)/(B5*SQRT(B3))
=B6-B5*SQRT(B3)
=B1*NORM.S.DIST(B6,TRUE)-B2*EXP(-B4*B3)*NORM.S.DIST(B7,TRUE)
```

B8-இல் சுமார் 59 வரும். அதை 0.8-ஆல் பெருக்கினால் 47 ரூபாய் சொச்சம். இதுதான் ஓர் ஆப்ஷனின் மதிப்பு. 25,000 ஆப்ஷனுக்கும் சேர்த்து ஏறக்குறைய 11.8 லட்சம். அந்தத் தொகை 1 கோடிக்குள்ளிருந்தே போகிறது. ஆகவே பழைய பங்கு ஒன்றின் நிஜ மதிப்பு 88 ரூபாய் அளவில்தான். நிறுவனர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பேன்.

ஏற்ற இறக்க சதவீதத்துக்குப் பட்டியலாகாத கம்பெனியிடம் சொந்த விலை வரலாறு கிடையாது. அதே துறையில் பட்டியலான கம்பெனிகளைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது வேறு இடத்தில்: இரண்டு தடவை குறைத்துவிடுவார்கள். மதிப்பீட்டு அறிக்கையில் பங்கு விலை எந்த எண்ணால் வகுக்கப்பட்டது என்று பாருங்கள். 1,00,000 என்றால் மேலே செய்தது சரி. ஆப்ஷனையும் சேர்த்து 1,25,000-ஆல் வகுத்திருந்தால் புதுப் பங்குகளால் மதிப்பு நீர்த்துப்போவது விலைக்குள்ளேயே வந்துவிட்டது, மறுபடி 0.8-ஆல் பெருக்கக் கூடாது. பட்டியலான கம்பெனியிலும் இதே கதைதான். ஆப்ஷன் திட்டம் அறிவித்ததும் சந்தை அதை விலையில் சேர்த்துக்கொள்ளும், அதனால் அந்த விலையை அப்படியே சூத்திரத்தில் போடலாம்.

அப்புறம், டிரஸ்ட் ஒன்று ஏற்கெனவே இருக்கும் பங்குகளை வாங்கி வைத்து ஊழியர்களுக்குத் தருகிறது என்றால் புதுப் பங்கே பிறப்பதில்லை. அங்கே 0.8-க்கு வேலை இல்லை.