ஆவர்த்தன அட்டவணை ஸ்பீச்சுக்கு மூண்டு மூலகம் போதும்

சயன்ஸ் டேக்கு பிள்ளை ஆவர்த்தன அட்டவணை பற்றி பேசுறதெண்டா முழு அட்டவணையையும் விளங்கப்படுத்தப் போகாம, இலிதியம் 2,1, சோடியம் 2,8,1, பொற்றாசியம் 2,8,8,1 எண்டு இலத்திரன் கணக்க போர்ட்ல ஒண்டுக்குக் கீழ ஒண்டா எழுதச் சொல்லுங்க. அணுவெண் ஒண்டொண்டா கூடேக்க முதல் ஓட்டில 2, அதுக்குப் பிறகு வெளி ஓட்டில 8 ஆனதும் அடுத்த இலத்திரன் புது ஓட்டுக்குப் போகுது, அங்கதான் புது வரிசை தொடங்குது. கடைசி ஓட்டில மூண்டுக்கும் ஒண்டே ஒண்டுதான், அதாலதான் மூண்டும் தண்ணியோட தாக்கமடைஞ்சு ஐதரசன் வாயுவ விடுது, ஒரே நிரலிலயும் நிக்குது.

இந்தக் கணக்கு கல்சியம், அதாவது 20 வரைக்கும்தான். 21ஆவது ஸ்கண்டியம் 2,8,9,2, உள் ஓடு நிரம்பத் தொடங்கிடும், அந்த நடுப்பகுதிய தொடவே வேணாம். ஹீலியம் ஏன் வலப்பக்கம் எண்டு ஜட்ஜ் கட்டாயம் கேப்பார், முதல் ஓடு ரெண்டோடயே நிரம்பிடும் எண்டா சரி.