மஞ்சள் கடுதாசி கொடுத்தவர் பாக்கியை ஏட்டில் எப்படி முடிப்பது?

செவ்வாய்ப்பேட்டையில் நம்மிடம் கொலுசு வாங்கிய கடைக்காரர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார், 1,00,000 பாக்கிக்கு ரூபாய்க்கு 30 பைசா வீதம் 30,000தான் வந்தது, இனி வராது என்று வையுங்கள். மிச்சம் 70,000-ஐ நேரே லாப நட்டக் கணக்கில் தள்ளுவதுதான் பலர் செய்யும் தப்பு. போன வருடமே ஐயக்கடன் ஒதுக்காக 80,000 எடுத்து வைத்தபோது அந்த நட்டத்தைக் காட்டியாகிவிட்டதே, மறுபடி எதற்கு?

வங்கி 30,000 பற்று, ஒதுக்கு 70,000 பற்று, அவர் கணக்கு 1,00,000 வரவு. அவ்வளவுதான். ஒதுக்கு 50,000 மட்டுமே இருந்திருந்தால், குறையும் 20,000 இந்த வருட நட்டம்.

அப்புறம், வருமான வரியில் நம் மாதிரி வியாபாரிகளுக்கு ஒதுக்கு வைத்த வருடம் கழிவு கிடையாது, ஏட்டில் தள்ளுபடி செய்த வருடம்தான். இந்தத் தள்ளுபடி லாப நட்டக் கணக்கில் தெரியாததால் கழிவு கேட்க விட்டுப்போகும், ஆடிட்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.