அமெரிக்கா வருகிறவர்களுக்கு: எல்லா எண்ணுக்கும் +91 போட்டுவிடாதீர்கள்

வந்து இறங்கியதும் சிம், வங்கிக் கணக்கு, சோஷியல் செக்யூரிட்டி எண் என்று ஓடுவீர்கள். அதற்கெல்லாம் வழி சொல்ல அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள், நான் அதற்குள் போகவில்லை. உங்கள் போனில் இருக்கும் நானூறு ஐநூறு எண்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் நாம் யாருடைய எண்ணையும் பத்து இலக்கமாகத்தான் சேமிப்போம். அங்கே அது போதும். இங்கே போதாது, ஏனென்றால் இந்த ஊர் எண்ணுக்கும் பத்தே இலக்கம்தான்.

இங்கத்து சிம்மைப் போட்டுவிட்டு 98765 43210 என்று அழுத்தினால், நெட்வொர்க் அதை உள்ளூர் எண்ணாகத்தான் படிக்கும். வாட்ஸ்ஆப் பழைய இந்திய எண்ணிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வரை இது தெரியாது. நாட்டுக் குறியீடு இல்லாத எண்ணை அது உங்கள் சொந்த எண்ணின் நாடாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால் எல்லாப் பெயரும் வழக்கம்போலத் தெரியும். என்றைக்கு வாட்ஸ்ஆப்பை +1 எண்ணுக்கு மாற்றுகிறீர்களோ அன்றைக்குப் பாதிப் பேர் பட்டியலிலிருந்து காணாமல் போவார்கள். ஆகவே எண்களை மாற்றி எழுதத்தான் வேண்டும். எப்படி மாற்றுகிறோம் என்பதில்தான் வம்பு.

டாலஸ் பக்கம் குடிவந்த என் நண்பருக்கு நடந்தது இது. கூட வேலை செய்பவர் ஒருவர், "ஒரே நிமிஷம், நான் செய்து தருகிறேன்" என்று போனை வாங்கி, ஏதோ ஒரு செயலியால் எல்லா எண்ணுக்கும் முன்னால் +91 ஒட்டிக் கொடுத்துவிட்டார். அதற்குள் நண்பர் இங்கே பத்துப் பதினைந்து எண்களையும் சேமித்திருந்தார். அபார்ட்மென்ட் மேனேஜரின் எண் 972 என்று தொடங்கும். அது டாலஸின் ஏரியா கோடு. செயலிக்கு அது தெரியுமா? பத்து இலக்கம், முதல் இலக்கம் 9. இந்திய மொபைல் எண் போலவே இருக்கிறது. +91 ஏறியது. அன்று மாலை வாடகை ஒப்பந்தமும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் மேனேஜருக்குப் போக வேண்டியவை, இந்தியாவில் யாரோ ஒருவரின் வாட்ஸ்ஆப்புக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டு நீல டிக்கும் விழுந்தது. மேனேஜர் ஏன் பதில் சொல்லவில்லை என்று நண்பர் காத்திருந்தார். உதவி செய்தவரிடம் கேட்டால், "எல்லாம் பத்து இலக்கம்தானே" என்கிறார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் இலக்கத்தை வைத்துப் பிரித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்கும் என்பது சரிதான். ஆனால் இங்கே ஏரியா கோடு 2 முதல் 9 வரை எதிலும் தொடங்கலாம். டொராண்டோவில் 647 உண்டு, நியூஜெர்சியில் 732 உண்டு, வட கரோலினாவின் ராலே பக்கம் 919, 984 இரண்டும் உண்டு. கனடாவுக்கும் இதே +1 என்பதால் அங்கே போகிறவர்களுக்கும் இதே கதை. முதல் இலக்கம் 2 முதல் 5 வரை இருந்தால் அது இந்திய மொபைல் இல்லை என்று மட்டும் சொல்லலாம். அதிலும் சென்னை லேண்ட்லைனை முன் பூஜ்யம் இல்லாமல் 44 என்று தொடங்கிச் சேமித்திருந்தால் அதுவும் பத்து இலக்கமாக வந்து நிற்கும்.

உண்மையில் உதவுவது வேறு ஒரு விதி. வட அமெரிக்க எண் அமைப்பில் ஏரியா கோடின் நடு இலக்கம் 9 ஆக இருப்பதில்லை. அடுத்து வரும் மூன்று இலக்கத் தொகுதி 0 அல்லது 1 இல் தொடங்குவதில்லை. ஆகவே ஒரு பத்து இலக்க எண்ணின் இரண்டாவது இலக்கம் 9 ஆகவோ, நான்காவது இலக்கம் 0 அல்லது 1 ஆகவோ இருந்தால் அது இந்த ஊர் எண் ஆக முடியாது. 99620 என்று தொடங்குவது முதல் விதியிலேயே நம் ஊர். 98400 இரண்டாவது விதியில் நம் ஊர். ஆனால் 98427 என்று தொடங்குகிற எண் இரண்டு விதியிலும் தப்பிவிடும். கோவைப் பக்கத்து நண்பராகவும் இருக்கலாம், வட கரோலினா பல் மருத்துவராகவும் இருக்கலாம். இந்த மீதியைப் பெயரைப் பார்த்து நீங்கள்தான் பிரிக்க வேண்டும். எந்தச் சூத்திரமும் செய்து தராது. ஐநூறு பெயரை ஓட்டிப் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகாது, சோம்பல்படாதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். கூகுள் காண்டாக்ட்ஸிலிருந்து சி.எஸ்.வி. கோப்பாக ஏற்றுமதி செய்து, அதை கூகுள் ஷீட்டில் இறக்குங்கள். இறக்கும்போது எண்களாக மாற்றும் தேர்வை நீக்கிவிடுங்கள். எண்கள் `Phone 1 - Value` என்ற நெடுவரிசையில் இருக்கும். அதை A நெடுவரிசை என்று வைத்துக்கொண்டு, அதன் வலப்பக்கம் நான்கு காலி நெடுவரிசைகளைச் செருகுங்கள். B இல் வெறும் இலக்கங்களை மட்டும் எடுங்கள்:

```
=REGEXREPLACE(A2&"","\D","")
```

பக்கத்தில் C இல் `=LEN(B2)` போட்டு நீளத்தைப் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். நீளம் 10 என்றால் சரி. 11 ஆகவும் முதல் இலக்கம் 0 ஆகவும் இருந்தால், லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அழைக்கவோ ஊர்க் குறியீட்டுக்கு முன்னாலோ போடும் பூஜ்யம் அது. அதை எடுத்துவிட வேண்டும். +91 க்குப் பிறகு அந்தப் பூஜ்யம் வரக் கூடாது. 11 ஆகவும் முதல் இலக்கம் 1 ஆகவும் இருந்தால் அநேகமாக இந்த ஊர் எண். 12 ஆக இருந்து 91 இல் தொடங்கினால் நாட்டுக் குறியீடு ஏற்கெனவே இருக்கிறது. 20 என்று வந்தால் ஒரே பெயருக்கு இரண்டு எண் இருக்கிறது என்று அர்த்தம், ஏற்றுமதியில் அவை `:::` போட்டு ஒரே கட்டத்துக்குள் வரும். அதைக் கையால் பிரியுங்கள். 9 என்றால் யாரோ ஒரு இலக்கத்தை விழுங்கியிருக்கிறார்கள்.

பத்து இலக்கமாக இருந்தும் 0 இல் தொடங்கினால் அநேகமாக அது இலங்கை எண். 077 என்று தொடங்குவதெல்லாம் அப்படித்தான். அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட்டு +94 போட வேண்டும். அவை சிலவே இருக்கும் என்றால் கையால் மாற்றிவிடுவதே நல்லது.

"91 இல் தொடங்கினால் 91 ஐ வெட்டு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 91 இல் தொடங்கும் பத்து இலக்க மொபைல் எண்கள் நம் ஊரில் ஏராளம். வெட்டினால் எட்டு இலக்கம்தான் மிஞ்சும். எப்போதும் நீளத்தைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும்.

D நெடுவரிசையில் IN அல்லது US என்று நீங்களே நிரப்புங்கள். வேறு நாட்டு எண் என்றால் காலியாக விடுங்கள், அது A இல் இருப்பது போலவே வரும். மேலே சொன்ன இரண்டு விதிகளால் ஒரு பகுதி உடனே முடிந்துவிடும். மற்றது பெயரைப் பார்த்து. அப்புறம் E இல்:

```
=IF(D2="IN",
 "+91 "&MID(RIGHT(B2,10),1,5)&" "&RIGHT(B2,5),
 IF(D2="US","+1 "&MID(RIGHT(B2,10),1,3)&" "&MID(RIGHT(B2,10),4,3)&" "&RIGHT(B2,4),A2))
```

9876543210, 09876543210, 91-98765-43210 மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். மூன்றும் +91 98765 43210 என்றே வரும். ஐந்தும் ஐந்துமாகப் பிரிப்பதுதான் நம் வழக்கம், வாய்விட்டுப் படிக்கவும் எளிது. இந்த ஊர் எண் 3, 3, 4 என்று பிரியும். நடுவில் அடைப்புக்குறியோ கோடோ வேண்டாம், இடைவெளி போதும். சர்வதேச எண்களுக்கான எழுத்து முறையும் அப்படித்தான் சொல்கிறது.

+ குறியை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். அது இல்லாமல் 91 98427 என்று அழுத்தினால், இங்கத்து நெட்வொர்க் கண்ணுக்கு அது 919 842 7 என்று ஓடும் ராலே எண். அலுவலக மேசைப் போனில் + பொத்தான் இருக்காது. அங்கே 011 போட்டுப் பிறகு 91 போடுங்கள். இதில் கை தவறி 911 அழுத்திவிடாமல் கவனம், அவசர உதவிக்காரர்கள் திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

எக்செல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 0 இல் தொடங்காத எண் என்றால் பத்து இலக்கம் வரை எக்செல் சாதுவாக இருக்கும். 91 சேர்ந்து பன்னிரண்டு இலக்கம் ஆனதும், சாதாரணக் கட்டத்தில் அது 9.19877E+11 என்று காட்டும். கட்டத்துக்குள் முழு எண் இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிலையிலேயே சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால், திரையில் தெரிவது மட்டுமே கோப்பில் எழுதப்படும். மறுபடி திறக்கும்போது 919877000000 என்று ஆறு பூஜ்யத்தோடு நிற்கும். போன இலக்கங்களை அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியே கிடையாது. அதனால் செய்து முடித்த சி.எஸ்.வி. ஐ இருமுறை சொடுக்கி எக்செலில் திறந்து, "சேமிக்கவா" என்று கேட்டதும் ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். பார்க்க வேண்டும் என்றால் இறக்குமதி வழியாக, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துத் திறங்கள். முதலில் ஏற்றுமதி செய்த கோப்பைத் தொடாமல் தனியாக வையுங்கள்.

E இல் வந்ததை நகலெடுத்து, மதிப்பாக மட்டும் A நெடுவரிசையில் ஒட்டி, B முதல் E வரை நாம் சேர்த்தவற்றை நீக்கிவிட்டுத் திரும்ப இறக்குமதி செய்யுங்கள். இறக்குமதி பழைய பெயரை அழிக்காது, பக்கத்திலேயே இன்னொன்றாக வந்து உட்காரும். கூகுள் காண்டாக்ட்ஸ் புதிதாக வந்தவற்றுக்குத் தேதியோடு ஒரு லேபிள் போட்டுவைக்கும். அந்த லேபிளைத் திறந்து, அம்மா எண், மேனேஜர் எண், 984 போன்ற குழப்பமான எண்களில் இரண்டு மூன்று என்று சிலவற்றை அழைத்துப் பாருங்கள். ஏதாவது தவறு என்றால் லேபிளில் இருப்பதை மொத்தமாக நீக்கிவிட்டு ஷீட்டுக்குத் திரும்பலாம். எல்லாம் சரி என்றால்தான் பழைய பெயர்களில் கை வைக்க வேண்டும்.