25% பேருக்குக் கிளட்ச் பழுதா? எத்தனை பேரில் என்று பாருங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பழைய கார் தேடுபவர்கள் முதலில் விசாரிப்பது கிளட்ச் பற்றித்தான். ஒரு கணக்கெடுப்பில் "இந்த மாடலில் 25% பேருக்குக் கிளட்ச் பழுது" என்று இருந்தால், எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று பாருங்கள். 12 பேரில் 3 பேர் என்றால், உண்மையான விகிதம் 5 முதல் 57 சதவீதம் வரை எங்கேயும் இருக்கலாம். இன்னும் ஒரே ஒருவர் புகார் சொல்லியிருந்தால் அந்த 25 என்பது 33 ஆகியிருக்கும். அதுவே 120 பேரில் 30 பேர் என்றால், வீச்சு ஏறக்குறைய 17 முதல் 34-க்குள் சுருங்கிவிடும்.

சரி, 20 பேரில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்றால்? இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: 3 என்ற எண்ணைக் கேட்டவர்களின் எண்ணிக்கையால், இங்கே 20-ஆல், வகுங்கள். பழுது 15 சதவீதம் வரை இருந்தாலும் இப்படி வர வாய்ப்புண்டு.

உரிமையாளர்கள் தாங்களாக எழுதும் புகார்களில் மொத்தம் எத்தனை பேர் என்பதே தெரியாது. வண்டி நன்றாக ஓடுகிறவர் எழுத வருவதில்லை. அங்கே எண்ணிக்கையை விட்டுவிட்டு, எத்தனை கிலோமீட்டரில், எந்தச் சாலையில் என்று படியுங்கள். கொண்டை ஊசி வளைவு ஏற்றத்தில் பிரேக்கை அழுத்தாமல் அரைக் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைத்தால், எந்த மாடலிலும் கிளட்ச் தட்டு சீக்கிரம் தேயும். சமவெளியில் ஓட்டுபவர்களும் குறைந்த ஓட்டத்திலேயே அதே பழுதைச் சொன்னால் மாடலைச் சந்தேகப்படலாம்.