தட்டச்சர் தேவை: வேலை அறிவிப்பில் வரும் தவறுகள்

"தமிழ் தட்டச்சு வேகமாகத் தெரிந்தவர் தேவை. நல்ல சம்பளம்." இப்படி அனுப்பினால் ஐம்பது பேர் அழைப்பார்கள். அதில் உங்கள் வேலைக்கு ஆவது இரண்டு பேராக இருந்தால் அதிர்ஷ்டம்.

முதல் கோளாறு "வேகம்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. தமிழ்99, பழைய தட்டச்சு இயந்திர அமைப்பு, ஒலிப்பு முறை என்று விசைப்பலகைகள் வேறு வேறு. "பக்கம்" என்று அடிக்க ஒலிப்பு முறையில் ஆறு தட்டு. தமிழ்99-இல் இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளி தானாக விழுவதால் ஐந்து. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறும். அதனால் எந்த விசைப்பலகையில் தேர்வு என்பதை அறிவிப்பிலேயே சொல்லுங்கள். விரும்பியதில் அடிக்கலாம் என்றால், அதையும் எழுதுங்கள்.

தேர்வு எத்தனை நிமிடம், பிழைக்கு எவ்வளவு கழிவு என்பதும் வேண்டும். பத்து நிமிடத் தேர்வில் ஒருவர் 300 சொல் அடித்து 20 பிழை விடுகிறார். இன்னொருவர் 260 சொல், 2 பிழை. பிழையை எண்ணாவிட்டால் முதலாமவர்தான் முன்னே. பிழைக்கு மூன்று சொல் கழித்தால் அவருக்கு 240, மற்றவருக்கு 254. மெய்ப்பு பார்க்கத் தனி ஆள் இல்லாத இடத்துக்கு இரண்டாமவரே சரி. தேர்வுக்குக் கதைப்பகுதியைக் கொடுக்காதீர்கள். தினமும் வரும் கையெழுத்துப் படி ஒன்றையே கொடுங்கள்.

அடுத்தது மென்பொருள். "டிடிபி தெரிய வேண்டும்" என்பதில் ஒன்றும் இல்லை. பேஜ்மேக்கரில் ஊறியவர் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தே பழகியிருப்பார்; பேஜ்மேக்கர் யூனிகோடை ஏற்காது. பாமினியில் அடித்த "அம்மா", அந்த எழுத்துரு இல்லாத கணினியில் `mk;kh` என்றுதான் தெரியும். உங்கள் கோப்புகள் யூனிகோடு என்றால் அப்படியே எழுதுங்கள். இன்டிசைன் என்றால், "கொ" எழுதும்போது கொம்பு இடம் மாறி நின்றால் எப்படிச் சரிசெய்வார் என்று தேர்வில் கேட்கலாம். பத்தி அமைப்பில் World-Ready Composer-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்பவர் வேலை பார்த்தவர். புத்தகப் பக்கமா, அழைப்பிதழா, எது அதிகம் என்பதையும் சேர்த்தால் கோரல்டிரா மட்டும் தெரிந்தவர் தானாக ஒதுங்கிக்கொள்வார்.

சம்பளத்தை "தகுதிக்கேற்ப" என்று மூடி வைக்காதீர்கள். கைக்கு வரும் மாதத் தொகை எண்ணில் வேண்டும். பயிற்சிக் காலத்தில் குறைவு என்றால் எத்தனை மாதம், எவ்வளவு என்று தனியே எழுதுங்கள். பக்கக் கூலியையும் மாதச் சம்பளத்தையும் கலந்து சொன்னால் முதல் மாதமே தகராறு. மாதச் சம்பளம் என்றால் நேரம், விடுமுறை, கூடுதல் நேரத்துக்குத் தனிக் கணக்கு உண்டா என்பவை உடன் வர வேண்டும்.

இவ்வளவும் ஐந்து வரியில் அடங்கும்:

"தமிழ் டிடிபி ஆள் தேவை. புத்தகப் பக்கம், இன்டிசைன், யூனிகோடு. தேர்வு: தமிழ்99, 10 நிமிடம், பிழைக்கு 3 சொல் கழிவு, நிமிடத்துக்கு 25 சொல் நிற்க வேண்டும். கைக்கு மாதம் ரூ. ____, முதல் 2 மாதம் ரூ. ____. காலை 10 முதல் மாலை 6, ஞாயிறு விடுமுறை, கூடுதல் நேரத்துக்குத் தனிக் கணக்கு."